வேப்பமர நடைவண்டி: 10 மாதம் முதல் 2 வயது வரை

சுவரையோ கட்டிலையோ பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நிற்கிற குழந்தைக்கு உரிய வண்டி இது. மாதக் கணக்கைவிட அதுதான் முக்கியம். பத்து மாதம் ஆகியும் நிற்காத குழந்தையை இதில் பிடித்து நிறுத்த வேண்டாம். உள்ளே உட்கார வைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் வேறு, இது வேறு. அந்த வாக்கர்களை கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று தானே தள்ளுகிறது.

சட்டம், கைப்பிடி, மூன்று சக்கரங்கள் எல்லாமே நன்கு உலர்ந்த வேப்பமரம். கைப்பிடி உயரம் 43 செ.மீ., எடை 2.8 கிலோ. சக்கரங்களுக்குக் கடைசலில் மஞ்சள் கலந்த அரக்கு ஏற்றியிருக்கிறோம். வெயில் பட்டால் நிறம் மங்கும். பல் முளைக்கும் குழந்தை கைப்பிடியை நிச்சயம் கடிக்கும். அதனால் அதற்கு அரக்கோ வார்னிஷோ இல்லை, இழைத்துத் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவியது.

பெட்டிக்குள்: முன்சட்டம் 1, கைப்பிடிச் சட்டம் 1, சக்கரம் 3, இரும்பு அச்சு 2, 6 மி.மீ. போல்ட்டும் நட்டும் 4 ஜோடி, அச்சு முனை மூடி 4, ரப்பர் வளையம் 4 (ஒன்று உபரி), 5 மி.மீ. எல்-கீ, உப்புத்தாள் ஒரு துண்டு. மாட்ட இருபது நிமிடம் ஆகும். குழந்தை தூங்கும்போது மாட்டுங்கள். கழற்றிய போல்ட்டும் நட்டும் வாய்க்குள் போகிற அளவு. முனை மூடிகளை 38 மி.மீ. அகலத்தில் செய்திருப்பது, கழன்று விழுந்தாலும் தொண்டையில் சிக்காமல் இருக்கத்தான்.

பெரும்பாலும் விழுவது இரண்டு காரணங்களால். தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை கைப்பிடியை இழுத்து எழும்போது முன்சக்கரம் தூக்கி, வண்டி மேலே சாயும். முதல் சில வாரங்களுக்கு முன்சட்டத்தில் ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டாவது, டைல்ஸ் தரையில் வண்டி குழந்தையை முந்திக்கொண்டு ஓடுவது. ரப்பர் வளையம் மூன்றையும் மாட்டாமல் விடாதீர்கள். அப்படியும் ஓடினால் பின் அச்சின் இரு நட்டுகளையும் அரைச்சுற்று இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் சக்கரம் சுழலாது, குழந்தை சோர்ந்துவிடும்.

படிக்கட்டு, வாசல் சரிவு, கிணற்றடி, அடுப்படி பக்கம் வேண்டாம். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அண்ணன் அக்கா ஏறி உட்கார்ந்தால் சட்டத்தின் மூட்டு விட்டுப்போகும். இது ஏறி ஓட்டும் வண்டி அல்ல.

மழைக்காலத்தில் மரம் ஊதிச் சக்கரம் பிடித்தால் நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும், ஈரம் பட்டால் அரக்கு வெளுக்கும். வாரம் ஒருமுறை போல்ட்டுகளைப் பார்த்து, சிலாம்பு தெரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.