ரத்தான விமானம், திரும்பாத பணம்: மாவட்ட ஆட்சியருக்கு நுகர்வோர் புகார் மனு

நாள்: 18.08.2025, திங்கள்
இடம்: கிருஷ்ணகிரி

அனுப்புநர்:
மு. சிவராஜ், மாந்தோப்பு விவசாயி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

நகல்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.), புது தில்லி. இரண்டு நகல்களுடனும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது.

பொருள்: 07.06.2025 அன்று பெங்களூரு–தில்லி விமானத்தைப் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்துவிட்டு, பயணிகளின் சம்மதம் இல்லாமலே கட்டணத்தை, அதே நிறுவனத்தின் புதிய டிக்கெட்டுக்கு மட்டும் பயன்படும் வரவான கிரெடிட் ஷெல்லில் போட்டுவைத்திருக்கும் விமான நிறுவனம் மீது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17-இன் கீழ் புகார்.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிறுவனத்தின் பெயர், முகவரி, எங்கள் டிக்கெட் பதிவு எண் ஆகியவை இணைப்பு 1-இல் உள்ளன. இந்த மனுவில் அதை 'நிறுவனம்' என்றே குறிப்பிடுகிறேன்.

தில்லியில் வசிக்கும் என் தங்கையின் மகளுக்கு 08.06.2025, ஞாயிறு காலை 10.30 மணிக்குக் காதணி விழா. தாய்மாமன் நான். குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும், நான் கொண்டுபோகும் தோடுதான் முதலில் காதில் ஏற வேண்டும். அதற்காக நான், என் மனைவி, 74 வயது அப்பா, 68 வயது அம்மா ஆகிய நால்வருக்கும் 24.04.2025 அன்று, காவேரிப்பட்டணத்தில் என் வீட்டில் இருந்தபடி, நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக டிக்கெட் எடுத்தேன். ஒருவருக்கு ரூ.7,846 வீதம் ரூ.31,384. என் கிரெடிட் கார்டில் செலுத்தினேன் (இணைப்பு 2). இடையில் ஏஜென்ட் யாரும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் "உங்கள் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்" என்று ஒருமுறை சொல்லிப் போனை வைத்தார்.

விமானம் 07.06.2025, சனிக்கிழமை மாலை 6.40 மணிக்கு. காலை 11.30 மணிக்கே வாடகை காரில் கிளம்பினோம். ஓசூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். பிற்பகல் 3.52 மணிக்கு, ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: இயக்கக் காரணங்களால் விமானம் ரத்து, மாற்று விமானம் 09.06.2025 காலை (இணைப்பு 3, நேரம் தெரியும் திரைப்படி). விழா முடிந்து மறுநாள் போகும் விமானம் எங்களுக்கு எதற்கு?

4.35 மணிக்கு நிறுவனத்தின் கவுண்டரில் நின்றோம். அங்கிருந்த பெண் ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு நாற்காலி கொடுத்து உட்கார வைத்தவர் அவர்தான். ஆனால் அன்றிரவு வேறு விமானத்தில் அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். எழுத்தில் கேட்டேன். ரத்துச் சான்று அச்சிட்டுக் கொடுத்தார். அதிலும் காரணம் 'இயக்கக் காரணங்கள்' என்பது மட்டுமே (இணைப்பு 4). 5.07 மணிக்குப் புறப்பாட்டுப் பலகையைப் போட்டோ எடுத்தேன் (இணைப்பு 5). அதே மாலையில் தில்லிக்குச் செல்லும் மற்ற மூன்று விமானங்கள் 'குறித்த நேரம்' என்று அதில் தெரிகின்றன. வானிலையோ, விமான நிலையம் மூடப்பட்டதோ காரணம் இல்லை என்பதற்கு அந்தப் படம் போதும் என்று நம்புகிறேன். மாற்று விமானம் வேண்டாம், பணத்தைக் கார்டுக்கே திருப்பிவிடுங்கள் என்று கவுண்டரிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை இருக்கிறது (இணைப்பு 6).

இரவு பத்தரைக்கு வீடு திரும்பினோம். மறுநாள் குழந்தை பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்தது. தங்கை அவசரத்துக்கு அங்கேயே ஒரு தோடு வாங்கினாள். நான் வாங்கிய தோடு சிவப்பு டப்பாவில், சீர்த் தட்டுக்கு வைத்த மஞ்சள் ஒட்டியபடி, எங்கள் பீரோவில் இருக்கிறது. இதற்கு விலை கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. என்ன நடந்தது என்று தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, அதன்பின் நடந்தவை.

09.06.2025 – வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். ஏஜென்ட்டிடம் கேட்கச் சொன்னது அன்றுதான். 10.06.2025 – மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். 12.06.2025 – பதில் வந்தது. ரூ.31,384 என் பெயரில் கிரெடிட் ஷெல்லாக வைக்கப்பட்டுள்ளது, 06.06.2026 வரை எங்கள் நால்வரின் புதிய டிக்கெட்டுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்றார்கள். இப்படி வையுங்கள் என்று நான் எங்கும் கேட்கவில்லை. ஏழு மணி நேரக் கார் பயணத்துக்குப் பிறகு இனி விமானப் பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட்ட அப்பாவின் பங்கை யார் பயன்படுத்துவது? 16.06.2025 – கிரெடிட் ஷெல்லுக்கு நான் சம்மதிக்கவில்லை, முத்திரையிட்ட என் கடிதத்தைப் பாருங்கள் என்று மறுமொழி அனுப்பினேன். பதில் இல்லை. 19.06.2025 – நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு அதே கடிதத்தை இணைப்புகளுடன் அனுப்பினேன். 26.06.2025 – "விதிப்படி செய்யப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் பதில். எந்த விதி என்று சொல்லவில்லை (இணைப்புகள் 7 முதல் 11 வரை).

30.06.2025 – மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதிந்தேன். 08.07.2025 – 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். மூடியதற்கு நிறுவனம் எழுதிய குறிப்பு: பணம் திருப்பித் தரப்பட்டுவிட்டது (இணைப்பு 12). இந்த ஒரு வரிதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. 07.06.2025 முதல் 14.08.2025 வரையிலான என் கார்டு கணக்கு அறிக்கையை இணைப்பு 13-ஆக வைத்திருக்கிறேன். நிறுவனத்திடமிருந்து ஒரு ரூபாய் வரவு கூட அதில் இல்லை. திருப்பித் தராத பணத்தைத் திருப்பித் தந்ததாக அரசுத் தளத்தில் எழுதுவது பொய். அதை அப்படித்தான் சொல்ல வேண்டும்.

14.07.2025 – நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. 21.07.2025 – தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். 04.08.2025 – நிறுவனம் தன் கொள்கையில் உறுதியாக இருப்பதாகக் கூறி மூடப்பட்டது (இணைப்புகள் 14, 15).

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டே எழுதுகிறேன். டி.ஜி.சி.ஏ.-யின் சிவில் விமானப் போக்குவரத்துத் தேவைகள், பிரிவு 3, தொடர் எம், பகுதி 2-இன்படி, கிரெடிட் கார்டில் செலுத்திய கட்டணத்தை ரத்தான 7 நாட்களுக்குள் அந்தக் கார்டுக்கே திருப்ப வேண்டும். எங்களுக்கு அந்தக் கெடு 14.06.2025. இன்றோடு 65 நாட்கள் கடந்துவிட்டன. பணத்தைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்ப உரிமை, நிறுவனம் தானாகச் செய்துகொள்ளும் வழக்கமாக இருக்கக் கூடாது என்று அதே பகுதி வெளிப்படையாகச் சொல்கிறது.

அதே தொடரின் பகுதி 4, உரிய முன்னறிவிப்பு இல்லாத ரத்துக்கு, கட்டணத்தைத் திருப்புவதோடு இழப்பீடும் விதிக்கிறது. பயண நேரம் 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானம் என்றால் ரூ.10,000, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. எங்கள் டிக்கெட்டில் அந்தத் தொகை ஒருவருக்கு ரூ.6,720. நால்வருக்கு ரூ.26,880. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழல் என்றால் இந்த இழப்பீடு கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படி ஒரு சூழல் இருந்ததாக நிறுவனம் தன் எந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை. 'இயக்கக் காரணங்கள்' என்ற இரண்டு சொற்களுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். அதை விளக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது.

இது என் ஒருவனின் பணப் பிரச்சினை மட்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு நேராகப் போயிருப்பேன். அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. கார் வாடகை, மன உளைச்சல் ஆகியவற்றுக்கான கோரிக்கையை அங்கேதான் வைப்பேன், அதனால் இங்கே அவற்றைக் கேட்கவில்லை. அன்று மாலை கவுண்டரில் நின்ற எங்களில் பதினொரு பேர் தொடர்பில் இருக்கிறோம். அவர்களில் ஏழு பேருக்கு, 12.06.2025 தேதியிட்டு, சொல்லுக்குச் சொல் அதே மின்னஞ்சல் வந்திருக்கிறது. பெயரும் தொகையும் மட்டும் வேறு. ஏழு பேரும் கையெழுத்திட்டுத் தந்த வாக்குமூலங்களும் அவர்களுக்கு வந்த மின்னஞ்சல்களும் இணைப்பு 16-இல் உள்ளன. இருவர் பர்கூர், ஒருவர் தருமபுரி, மற்றவர்கள் பெங்களூரு. யாரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. ஆகவே இதை ஓர் ஊழியரின் கைத்தவறு என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிறுவனம் இப்படியே செய்துவருகிறதா என்று விசாரிக்க வேண்டும். சேவை தராமல் வாங்கிய கட்டணத்தைத் திருப்ப மறுப்பது சட்டப் பிரிவு 2(47)-இன் கீழ் நேர்மையற்ற வணிக நடைமுறையாகும்.

எனவே தங்களிடம் கேட்பவை: சட்டப் பிரிவு 16-இன் கீழ் இந்தப் புகாரை விசாரித்து, நுகர்வோர் பலரையும் பாதிக்கும் நடைமுறை என்ற முறையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நிறுவனத்திடம் இரண்டு ஆவணங்களைக் கேட்டுப் பெற வேண்டும்: கிரெடிட் ஷெல்லுக்கு நான் சம்மதித்ததாக ஏதேனும் பதிவு இருந்தால் அது, 07.06.2025 ரத்துக்கான உண்மையான காரணத்தைக் காட்டும் பதிவேடு. எனக்குச் சேர வேண்டிய கட்டணம் ரூ.31,384, இழப்பீடு ரூ.26,880, ஆக மொத்தம் ரூ.58,264-ஐ என் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் செலுத்த நிறுவனத்துக்கு அறிவுறுத்த வேண்டும். சம்மதம் கேட்காமல் கிரெடிட் ஷெல் போடும் வழக்கத்தை நிறுத்த, பிரிவு 20-இன் கீழ் ஆணை பிறப்பிக்குமாறு ஆணையத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். ஏர்சேவாவில் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்ட என் புகாரை மீண்டும் திறக்க டி.ஜி.சி.ஏ.-வுக்கு எழுத வேண்டும்.

நிறுவனம் இடையில் பணத்தைச் செலுத்திவிட்டால் அன்றே தங்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பேன். விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் அசல் ஆவணங்களுடனும், 3.52 மணிக் குறுஞ்செய்தி இன்னும் அழிக்கப்படாமல் இருக்கும் அதே போனுடனும் வருகிறேன்.

மேலே கூறியவை அனைத்தும் நான் அறிந்த வரையில் உண்மை.

இணைப்புகள்: 1 முதல் 16 வரை, மொத்தம் 43 பக்கங்கள், ஒவ்வொன்றிலும் என் கையொப்பத்துடன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. சிவராஜ்