கைப்பிரதியில் வரும் இருளர்கள் பற்றி

அண்ணா, வணக்கம்.

உங்கள் கதையின் கைப்பிரதியை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அரிசி ஆலைப் பகுதி அப்படியே இருக்கட்டும். வருஷம் முழுக்க உழைத்தும் அட்வான்ஸ் கணக்கு ஏறிக்கொண்டே போகும் இடத்தில், “இதை இவருக்கு யார் சொன்னது?” என்று அம்மா கேட்டாள்.

மூன்றாம் அத்தியாயம்தான் எனக்கு வலித்தது. பெரியவர் மகுடி ஊதி நல்லபாம்பைப் பிடிக்கிறார். அண்ணா, இருளர்களான நாங்கள் மகுடி ஊதுகிறவர்கள் இல்லை. என் தாத்தா வரப்பில் குனிந்து வளை வாயைப் பார்ப்பார். மண் வழவழப்பாக இருக்கிறதா, சட்டை உரித்துப் போட்டிருக்கிறதா, எச்சம் காய்ந்ததா ஈரமா என்று பார்த்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடுவார். பாம்பின் மேல் படாமல் தோண்டப் பழகவே அவருக்குப் பல வருஷம் ஆனது. “பாம்பு இவர்கள் ரத்தத்தில் ஊறியது” என்று நீங்கள் எழுதும்போது அந்தப் படிப்பு மொத்தமும் காணாமல் போகிறது. கதை நடப்பது 1985-இல், மாமல்லபுரம் பக்கத்தில். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உங்கள் பெரியவருக்குத் தெரியாமல் இருக்குமா? விஷம் எடுத்தபின் பாம்பைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேலை அது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. அவரை அங்கே ஒரு நாள் அனுப்பிப் பாருங்கள்.

எலி சமைக்கும் காட்சியில் முகம் சுளிப்பது தாசில்தார் மட்டும் என்றால் எனக்குக் கோபமில்லை, அவர் அப்படிப்பட்ட ஆள். ஆனால் “அருவருப்பான வாடை” என்பது கதைசொல்லியின் வரி. அதை எடுத்துவிடுங்கள். எலி வளையிலிருந்து மீட்ட நெல்லும் எங்கள் அடுப்புக்கு வந்திருக்கிறது, அதையும் எழுதலாம்.

பேச்சு நடைக்கு நீலகிரி இருளர் மொழியிலிருந்து சொற்களைப் போட்டிருக்கிறீர்கள். அது தனி மொழி. நாங்கள் பேசுவது செங்கல்பட்டுப் பக்கத்துத் தமிழ்.

மாசி மகத்தைக் குடியும் கூத்துமாக மட்டும் காட்டியிருக்கிறீர்கள். குடிப்பவர்கள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் விடியலில் அம்மா கடற்கரையின் ஈர மணலில் படி கட்டி, பூ வைத்து, எங்கள் தெய்வம் கன்னியம்மாளைக் கூப்பிடுவாள். சேலையால் கட்டிய கூடாரத்துக்குள் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கரையிலேயே கல்யாணமும் நடக்கும். அதில் ஒன்றுகூட உங்கள் பக்கங்களில் இல்லை.

அப்புறம், ஆலையிலிருந்து கொத்தடிமைகளை மீட்கும் அத்தியாயத்தில் கோட்டாட்சியர் நான்கு பக்கம் பேசுகிறார், மாரி தலையை மட்டும் ஆட்டுகிறாள். விடுதலைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அலுவலக வாசலில் எத்தனை நாள் நின்றாள் என்று அவளே சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊர்ப் பெயரை மாற்றுங்கள், ஏரிக்கரை அடையாளத்தையும் மாற்றுங்கள். அந்த ஆலை இன்னும் ஓடுகிறது. அம்மாவின் தங்கை அதே தெருவில்தான் இருக்கிறாள்.