எடைச் சீட்டு முடக்கம்: ஆகஸ்ட் 1, காலை 6:30 முதல் 8:00 வரை

சுங்கை சிப்புட் செம்பனைக் குலை சேகரிப்பு மையத்தில் வெள்ளிக்கிழமை காலையில் முதல் லோரி எடைமேடை ஏறியதுமே திரையில் `MONTH_CLOSED` என்று வந்தது. சீட்டு அச்சாகவில்லை. கிராணி கணினியை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கார்பன் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் குலைகள் வாசலிலேயே கிடந்திருக்கும். வெட்டிய பழம் தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், ஆலை விலையைக் குறைக்கும்.

எட்டு மணிக்கு, யாரும் எதையும் தொடாமலேயே, எல்லாம் சரியாகிவிட்டது. காரணத்தைக் காட்டிக் கொடுத்ததும் அதுதான். மலேசிய நேரம் யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. (1982-க்கு முன்பு தீபகற்பத்தில் ஏழரை, அப்போதாக இருந்தால் ஏழரைக்கே சரியாகியிருக்கும்.)

ஜூலை 22 மாலை ஏற்றிய மாற்றத்தில் இந்த வரி இருந்தது:

```diff
- bill_date = datetime.now(KL).date()
+ bill_date = datetime.utcnow().date()
```

காலை எட்டுக்கு முன் இது முந்தைய நாளைத் தரும். ஆகஸ்ட் 1 அன்று அந்த முந்தைய நாள் ஜூலை 31. ஜூலைக் கணக்கையோ நள்ளிரவிலேயே மூடியாகிவிட்டது.

மறுபார்வையில் ஏன் தப்பியது? நேரப் பதிவெல்லாம் யூடிசியில் என்பது நம் குழுவின் விதி, நல்ல விதியும்கூட. நாற்பது கோப்புகளில் அதே மாற்றம் வந்ததால், படித்த இருவரும் விதி பின்பற்றப்பட்டதா என்று மட்டும் பார்த்தார்கள். ஆனால் சீட்டுத் தேதி நேரப் பதிவு இல்லை. தோட்டத்துக்காரர் வீட்டு நாள்காட்டியில் இருக்கும் தேதி அது. சோதனைகளும் அலுவலக நேரத்தில்தான் ஓடின. அந்த நேரத்தில் இரண்டு தேதியும் ஒன்றே.

முடக்கத்தைவிட மோசமானது அதற்கு முன் சத்தமில்லாமல் நடந்தது. ஜூலை 23 முதல் 31 வரை, எட்டு மணிக்கு முன் அச்சான 112 சீட்டுகளில் முந்தைய நாள் தேதி. விலை தினமும் மாறுவதால் சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் போயிருக்கிறது. மாதக் கடைசி வராதிருந்தால் இது இன்னும் தெரிந்திருக்காது.

கோடில் தவறு தேடும் ரஃப் கருவியில் `DTZ003` விதியைப் போட்டால் போதுமே என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. போதாது. அது `utcnow()` வேண்டாம், `datetime.now(timezone.utc)` எழுது என்கும். அதுவும் அதே முந்தைய நாளைத்தான் தரும். அதனால் சீட்டுத் தேதியைத் தரும் வேலையை `bill_date_today()` என்ற ஒரே ஃபங்ஷனுக்குள் அடைத்துவிட்டோம். கடிகாரத்தை மாதத்தின் முதல் நாள் காலை 7 மணியில் நிறுத்தி ஓடும் சோதனையும் சேர்ந்தது. பழைய கோடில் அது விழுகிறது, புதியதில் தேறுகிறது.

112 சீட்டுகளையும் கிராணி புத்தகத்தோடு ஒப்பிட்டு வருகிறார். குறைவாகப் பெற்றவர்களுக்கு ஆகஸ்ட் 15 பட்டுவாடாவில் மீதி சேரும். கூடுதலாகப் போனதைத் திரும்பக் கேட்பதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது.