டிவி மேஜை, கீழ் டிராயர்: எது எதோட ஒயர்

பொங்கலுக்கு ஒழித்தபோது எழுதியது. பட்டியலைப் பார்க்காமல் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்.

சிவப்பு ஸ்டிக்கர்: மோடம் அடாப்டர், 12 வோல்ட் 2 ஆம்பியர். ஸ்பேர்.

மஞ்சள்: செட்டாப் பாக்ஸ் அடாப்டர், 12 வோல்ட் 1 ஆம்பியர். பின் இரண்டுக்கும் ஒன்றுதான். இதை மோடத்தில் மாட்டியதால்தான் அது அணைந்து அணைந்து எரிந்தது. மூன்று நாள் நெட்காரரைத் திட்டியது வீண்.

பச்சை: அப்பாவின் பிரஷர் மிஷின், 6 வோல்ட். மஞ்சள் அடாப்டரும் அதில் நுழையும். நுழைகிறதே என்று மாட்டினால் மிஷின் காலி.

நீலம்: பழைய லேப்டாப் சார்ஜர், 19 வோல்ட். லேப்டாப் பரணில் இருக்கிறது. கல்யாண போட்டோக்களை எடுக்கும்வரை இதுவும் இருக்கும்.

சதுர முனை ஒயர்: பிரிண்டர்.

மைக்ரோ யூஎஸ்பி 3: பவர் பேங்க், ஸ்பீக்கர், அம்மாவின் பழைய போன்.

டைப்-சி 2: தடித்தது தம்பி போனுக்கு. மெல்லியது இயர்பட்ஸுக்கு, சார்ஜ் மட்டும் ஏறும், கம்ப்யூட்டரில் செருகினால் போன் தெரியாது.

ஊசி பின் சார்ஜர்: ஆச்சியின் பட்டன் போன். குப்பை மாதிரி தெரியும், குப்பை இல்லை.

மூன்று கலர் ஏவி ஒயர் 2: டிவிடி பிளேயருக்கு ஒன்று போதும். இன்னொன்றைப் போடலாம்.

ரப்பர் பேண்ட் போட்ட கறுப்பு அடாப்டர், 9 வோல்ட்: எதனுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. தீபாவளிவரை பார்ப்போம்.