பொருள்: நூல் தர மேலாளர் பணிக்கு உங்கள் பெயரைக் கொடுக்க அனுமதி வேண்டி (அக்டோபர் 9, வியாழனுக்குள் பதில்)

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 2016 ஜூன் முதல் 2021 மார்ச் வரை மில்லின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் உங்களிடம் வேலை பார்த்த தமிழ்ச்செல்வி எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நூல் தர மேலாளர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மில்களிலிருந்து வாங்கும் நூலைச் சோதித்து ஏற்பதும் திருப்புவதும்தான் வேலை. இரண்டு சுற்று நேர்காணல் முடிந்துவிட்டது. என் வேலையை நேரடியாக மேற்பார்வை செய்த ஒருவரிடம் விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கு உங்கள் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றையும் கொடுக்கலாமா என்று கேட்கவே எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் கொடுக்கவில்லை.

நம் பக்கத்தில் இதைக் கேட்டாலே சிபாரிசு என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி எதையும் நான் கேட்கவில்லை, ஐயா. வேலைக்கு எடுக்கச் சொல்லி யாரிடமும் நீங்கள் பேச வேண்டாம். அவர்கள் கேட்பதற்கு நீங்கள் பார்த்ததைச் சொன்னால் போதும்.

இப்போது நான் இருக்கும் மில்லில் விண்ணப்பித்த விஷயம் தெரியாது. அதனால்தான் தற்போதைய மேலாளரை விட்டு உங்களிடம் வருகிறேன். உடுமலைக்கும் கோவைக்கும் இடையில் ஸ்பின்னிங் மாஸ்டர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். நியமன ஆணை கைக்கு வரும்வரை இது நமக்குள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சம்மதித்தால் நடக்கப்போவது இதுதான். வெள்ளிக்கிழமை, 10ஆம் தேதி, உங்கள் விவரங்களை அவர்களுடைய மனிதவளப் பிரிவுக்குக் கொடுப்பேன். திங்கள் 13ஆம் தேதி உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு படிவத்தின் இணைப்பு வரும். அனுப்புபவர் இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்காது, சரிபார்ப்பு வேலையை எடுத்துச் செய்யும் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதனால் அது `Spam` பெட்டிக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். திங்கள் மாலைக்குள் வரவில்லை என்றால் அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இணைப்பு 17ஆம் தேதி வெள்ளி இரவு வரைதான் திறக்கும். அதை விட்டால் தீபாவளி விடுமுறை முடிந்துதான் மறுபடி அனுப்புவார்கள். படிவத்தைப் பாதியில் சேமிக்க முடியாது என்று சொன்னார்கள். எனவே கைபேசியை விடக் கணினியில் ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. மொத்தம் ஒன்பது கேள்விகள், கால் மணி நேரம் ஆகும். அந்தப் படிவம் உங்களிடம் ஓ.டி.பி., ஆதார் எண், வங்கி விவரம் எதையும் கேட்காது. கேட்டால் அது அவர்களுடையது இல்லை; மூடிவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் பிறகு வரும் தொலைபேசி அழைப்பில் தமிழில் பேசலாம் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அழைப்பு கோவைத் தரைவழி எண்ணிலிருந்து வரும். எந்த நேரம் உங்களுக்கு வசதி என்று ஒரு வரி எழுதினால், அந்த நேரத்தில் மட்டும் அழைக்கச் சொல்லிவிடுகிறேன்.

இத்தகைய சரிபார்ப்பில் பெரும்பாலும் சிக்குவது தேதியும் பதவிப் பெயரும்தான். நாம் இருவரும் வேறு வேறாகச் சொன்னால், அது மறதியா பொய்யா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆவணத்தில் இருப்பதை இங்கே தருகிறேன்:

சேர்ந்த நாள்: 2016 ஜூன் 13, தரக்கட்டுப்பாட்டு உதவியாளர்.
பதவி உயர்வு: 2018 ஏப்ரல் 1, இளநிலை தரக்கட்டுப்பாட்டு அலுவலர்.
விடுவிக்கப்பட்ட நாள்: 2021 மார்ச் 31, ஒரு மாத முன்னறிவிப்புக் காலம் முழுதும் வேலை செய்தபின்.
விலகிய காரணம்: கணவரின் பணியிட மாற்றம்.

கடைசி 14 மாதம் ஆய்வகப் பொறுப்பு முழுவதையும் நான் பார்த்தேன். ஆனால் அதற்குத் தனி ஆணை வரவில்லை. எனவே ரெசுமேயில் பதவிப் பெயராக இளநிலை அலுவலர் என்றே போட்டு, பொறுப்பைக் கீழே ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறேன். கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லலாம். 2017 ஆகஸ்டிலிருந்து எடுத்த 26 வாரம் மகப்பேறு விடுப்பு. அது பணியில் இடைவெளி ஆகாது. இடைவெளி இருந்ததா என்று படிவம் கேட்டால் இல்லை என்பதே சரியான பதில்.

அடுத்து, தொழில்நுட்பத் திறன் பற்றிய கேள்வி. 'நன்றாக வேலை செய்வார்' என்று மட்டும் எழுதினால் அதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் உதாரணமாவது கேட்கிறார்கள். ஆண்டுகள் கடந்துவிட்டதால், நீங்களே நேரில் பார்த்த மூன்றை நினைவூட்டுகிறேன். இவற்றில் உங்களுக்கு நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

முதலாவது, ஏழாம் நம்பர் ரிங் ஃப்ரேம். நாற்பதாம் நம்பர் கோம்டு நூலில் யு சதவீதம் வழக்கம் போலத்தான் இருந்தது. ஆனால் ஸ்பெக்ட்ரோகிராமில் 8.5 செ.மீ. பக்கத்தில் ஒரு முனை எழுந்து நின்றது. முன் அடி ரோலர் 27 மி.மீ. விட்டம், சுற்றளவு ஏறக்குறைய 8.5 செ.மீ. என்பதால் எல்லோரும் அடி ரோலரைக் கழற்றக் கிளம்பினோம். பஃபிங் செய்த மேல் ரோலர் 28 மி.மீ. இருந்தால் அதன் சுற்றளவும் 8.8 செ.மீ.தான் என்று சொல்லி, மேல் ரோலரை மட்டும் வேறு ஸ்பிண்டிலுக்கு மாற்றி மறுபடி காப் எடுத்துச் சோதித்தேன். முனை ரோலருடனேயே இடம் மாறியது. பிழை அடி ரோலரில் இல்லை, பஃபிங்கில் வட்டம் கோணிய காட்ஸில் என்று தெரிந்தது. அந்த வாரம் பஃபிங் செய்த காட்ஸ் முழுவதையும் நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்.

இரண்டாவது, கவுண்ட் தப்பாகக் காட்டிய விவகாரம். ஃப்ரேமிலிருந்து எடுத்த காப்பை உடனே ரேப் ரீலில் 120 கஜம் சுற்றி நிறுத்துக்கொண்டிருந்தோம். டிபார்ட்மென்டில் ஈரப்பதம் ஆய்வகத்தை விடக் குறைவு. உலர்ந்த நூல் எடை குறைவாக நிற்கும், கவுண்ட் உண்மையில் இருப்பதை விட மெல்லியதாகக் காட்டும். அதைப் பார்த்து சேஞ்ச் வீலை மாற்றினால் நூல் தடித்துப் போகும். 65 சதவீத ஈரப்பதம், 27 டிகிரியில் காப்பைக் காத்திருக்க வைத்து நிறுக்கும் நடைமுறையை எழுதி, ஆய்வகத்தில் இருந்த ஆறு பேருக்கும் பழக்கியது நான். அந்தத் தாள் இன்றும் சுவரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாவதுதான் திருப்பூர்க்காரர்களுக்கு மிகவும் தேவைப்படுவது. சாயம் போட்ட பின்னல் துணியில் பட்டை விழுகிறது என்று வந்த புகார்கள். மிக்சிங் மாறும்போது சராசரி மைக்ரோனேர் நகர்ந்துவிடுகிறது, பழைய கோனும் புதிய கோனும் ஒரே பின்னல் இயந்திரத்தில் சேர்ந்தால் சாயம் வேறு வேறாக ஏறுகிறது என்பதே காரணம். பேல் அடுக்கும்போதே அடுத்தடுத்த அடுக்குகளின் சராசரி வித்தியாசத்தை 0.1க்குள் வைக்கும் பட்டியலைத் தயாரித்தேன். மிக்சிங் மாறினால் கோன் முனையின் நிறத்தையும் மாற்றச் செய்தோம். 2019இல் 11 புகார், 2020இல் 4. ஆனால் 2020இல் ஊரடங்கால் மில் சில வாரம் ஓடவில்லை. எனவே இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது நேர்மையில்லை. நான் ரெசுமேயில் போடவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

குறை என்ன என்ற கேள்வியும் உண்டு. அதைக் காலியாக விட்டால் படிவம் சமர்ப்பிக்க விடாது. 'குறையே இல்லை' என்று எழுதினால் மற்ற பதில்களையும் சந்தேகிப்பார்கள். ஷிப்ட் மாஸ்டரிடம் சொல்லாமலே ஃப்ரேமை நிறுத்தச் சொல்லும் பழக்கம் எனக்கு ஆரம்பத்தில் இருந்தது. அதனால் உற்பத்திப் பிரிவோடு இரண்டு முறை சச்சரவு வந்து, நீங்கள்தான் தீர்த்து வைத்தீர்கள். முதலில் தகவல், பிறகு நிறுத்தம் என்று நீங்கள் வகுத்த முறையை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். நேர்காணலில் நானே இதைச் சொல்லிவிட்டேன், அதனால் தயங்காமல் எழுதலாம். இதைவிட முக்கியமான குறை உங்களுக்குத் தோன்றினால் அதையே எழுதுங்கள்.

'மறுபடி இவரை வேலைக்கு எடுப்பீர்களா' என்பது கடைசிக் கேள்வி, ஆம் அல்லது இல்லை மட்டும். இதற்கு மனமார ஆம் என்று சொல்ல முடியாவிட்டால், இப்போதே என்னிடம் மறுத்துவிடுவது இருவருக்கும் நல்லது. காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு இந்தப் படிவம், அழைப்பு எல்லாம் தொந்தரவு என்று நினைத்தாலும் அப்படியே. மில்லில் அப்போதைய துணை மேலாளரிடம் கேட்க எனக்கு வழி இருக்கிறது. உங்கள் மேல் உள்ள மரியாதை ஒரு துளியும் குறையாது.

9ஆம் தேதி வியாழன் மாலைக்குள் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். சரி என்றால் எந்த மின்னஞ்சல், எந்த எண், எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். நீங்கள் 2022இல் ஓய்வு பெற்றுவிட்டதால் மில்லின் பழைய முகவரி செல்லாது. தனிப்பட்ட முகவரி போதும் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நம் உறவை உறுதிப்படுத்த உங்கள் பெயர் இருக்கும் என் 2018 பதவி உயர்வு ஆணையை, நீங்கள் சம்மதித்த பிறகு நானே கொடுத்துவிடுவேன். உங்களிடமிருந்து ஆவணம் எதுவும் தேவைப்படாது.

இத்துடன் இரண்டு கோப்புகள் இணைத்திருக்கிறேன்: இரண்டு பக்க ரெசுமே, அந்தப் பணியின் விளக்கம். விளக்கத்தில் மூன்றாவது பத்தியை மட்டும் பார்த்தால் போதும், அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும் உங்களுக்குத் தெரிவிப்பேன்.

உங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி, ஐயா. வீட்டில் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
தமிழ்ச்செல்வி
உடுமலைப்பேட்டை, 2025 அக்டோபர் 6

பி.கு.: என் கைபேசி எண் பழையதுதான். பகலில் ஆய்வகத்தில் மற்றவர்கள் இருப்பார்கள். பேச வேண்டுமென்றால் மாலை 6.30க்கு மேல் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.