எதிரெதிர்க் கடைகள்

தென்காசியில், சாலையின் இரு பக்கமும் எதிரெதிரே தேநீர்க் கடை வைத்திருந்த சுடலைமுத்துவும் இசக்கியும், விடியற்காலை 4 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்த கையோடு ஏச்சையும் தொடங்கிவிடுவார்கள்.

“வே, உம்ம டீக்குக் கழனித்தண்ணி தேவலை!”

“உம்ம வடையை நாய் மோந்துட்டுப் போகுது, அதைப் பாரும்!”

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் சுடலைமுத்துவின் பால் முழுவதும் திரிந்துபோக, அவர் வெறும் பாய்லரைப் பார்த்தபடி நின்றார். இசக்கி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து வந்து, தம் கேனிலிருந்த பாலில் பாதியை அவருடைய சட்டியில் ஊற்றினார். “தண்ணி கலக்காத பாலுவே. உம்ம கடைக்குப் புதுசு” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மார்கழியில் இசக்கி 9 நாள் காய்ச்சலில் படுத்தபோது, சுடலைமுத்து தம் கடையை மகனிடம் விட்டுவிட்டு எதிர்க்கடையில் நின்றார். தேயிலை கொதித்த பிறகுதான் இசக்கி இஞ்சியைத் தட்டிப் போடுவார் என்பதை, 12 ஆண்டுகளாகச் சாலைக்கு அப்பாலிருந்தே பார்த்து வைத்திருந்தார். அன்றன்றைய காசைக் கணக்குச் சீட்டோடு செய்தித்தாளில் மடித்து, இரவில் இசக்கியின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் கடைக்கு வந்த இசக்கி, அவர் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்தார்.

“இஞ்சி கூடிப்போச்சுவே. என் யாவாரமே போச்சு!”

சுடலைமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஏசியபடியே சாலையைக் கடந்தார்.