இரண்டு மாத நாடிக் கணக்கும் படபடப்பும் – டாக்டர் அம்மாவுக்கு

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

பாம்பன் சேசு எழுதுகிறேன். விசைப்படகு டிரைவர், வயது 48, பிபிக்கு நீங்கள் மார்ச்சில் எழுதிக்கொடுத்த அம்லோடிபின் 5 மி.கி. தினமும் காலையில் போடுகிறேன். நேரில் வந்தால் வெளியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே பாதியை விட்டுவிடுவேன், அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். முதல் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: ஜூன் 14 இரவோடு தடைக்காலம் முடிகிறது, இந்த நெஞ்சோடு நான் படகெடுக்கலாமா?

ஏப்ரல் 15-லிருந்து படகு கரையில் கிடந்ததால் நாடியை ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. காலையில் டீ குடிக்கும் முன்பு, இரவு படுக்கும் முன்பு, அப்புறம் படபடப்பு வரும்போதெல்லாம். மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணினேன், கூடவே வீட்டிலிருக்கும் பிபி மெஷினிலும் பார்த்தேன்.

காலையில் பெரும்பாலும் 66-லிருந்து 74, இரவில் 76-லிருந்து 84. மே மாதம் வெயிலில் நின்று படகுக்குப் பெயிண்ட் அடித்த வாரம் மட்டும் இரவிலும் 92 வரை போனது, தண்ணீர் சரியாகக் குடிக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிபி 130/84 பக்கத்தில்தான் நிற்கிறது. ஒருநாள் 146/90, அன்றைக்கு வீட்டில் வாய்த்தகராறு, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படபடப்பு இரண்டு விதமாக வருகிறது, இரண்டும் ஒன்றா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று, இரவில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வருவது. ஒரு துடிப்பு விட்டுப்போகும், அடுத்தது நெஞ்சில் தொம்மென்று விழும், ஒரு சிலிண்டர் அடிக்காத என்ஜின் மாதிரி. நாடியில் விரல் வைத்தாலும் அந்த இடைவெளி தெரிகிறது. எழுந்து உட்கார்ந்தால் குறைந்துவிடும். வாரத்தில் மூன்று நான்கு இரவு வரும், இரவு கட்டஞ்சாயா குடித்த நாளில் கூடுதல். எனக்கு இதில் பெரிய பயம் இல்லை.

பயம் மற்றதில்தான். அது அபூர்வமாகத்தான் வருகிறது, ஆனால் வந்தால் ஆளை உட்கார வைத்துவிடுகிறது. மே கடைசியில் என்ஜின் ரூமில் குனிந்து போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்ததும் சட்டென்று அடிக்க ஆரம்பித்தது, எண்ணவே முடியவில்லை. பையன் ஓடிப்போய் பிபி மெஷினை எடுத்துவந்தான், முதல் தடவை எரர் காட்டியது, அடுத்த தடவை நாடி 152, ஒழுங்கில்லாத துடிப்புக்கான இதயப் படம் எதுவும் திரையில் வரவில்லை. லேசாகத் தலை சுற்றியது, மயக்கமில்லை, நெஞ்சுவலியில்லை, தொண்டையில் துடிப்பது மட்டும் தெரிந்தது. ஐஸ் தண்ணீரை மடமடவென்று குடித்த கொஞ்ச நேரத்தில் வந்த மாதிரியே சட்டென்று நின்றது, மொத்தம் கால் மணி நேரம் இருக்கும். அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று தடவை சிறுநீர் போனேன், அதையும் எழுதச் சொன்னது வீட்டுக்காரிதான். மற்ற தடவைகளிலும் இதே மாதிரிதான் தொடங்கியது, நின்றது, ஆனால் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை.

பீடி விட்டு வருஷமாகிறது. மூச்சுத்திணறல் இல்லை, கால் வீங்கவில்லை, எடை குறையவில்லை. அம்மாவுக்குத் தைராய்டு. அண்ணன் 51 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார், காரணம் பார்க்கவில்லை, இதை உங்களிடம் முன்னால் சொன்னேனா என்று நினைவில்லை.

இனி என் கேள்விகள். அம்லோடிபினே சிலருக்குப் படபடப்பைத் தரும் என்று மருந்துக்கடைத் தம்பி சொல்கிறார். நானாக நிறுத்தவில்லை, மாற்றவேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள். போன தடவை இசிஜி நன்றாக இருந்தது, ஆனால் எடுத்தபோது படபடப்பே இல்லையே? ஒருநாள் முழுக்க உடம்பில் மாட்டிக்கொண்டு பதிகிற ஹோல்டர் எடுத்தால் பிடிபடுமா, இத்தனை அபூர்வமாக வருவதற்கு ஒருநாள் போதுமா? தைராய்டு, ரத்தசோகை, பொட்டாசியம் பார்க்கவேண்டுமா? இதய டாக்டரிடம் போகவேண்டுமென்றால் ராமநாதபுரமா, மதுரையா?

அப்புறம் கடல். வீலைப் பிடிப்பவன் நான், பின்னால் நான்கு பேர் என்னை நம்பி வலை இறக்குகிறார்கள். நடுக்கடலில் 152 வந்தால் திரும்பிவரவே மணிக்கணக்காகும். தண்ணீர் குடிப்பது, மூச்சைப் பிடித்து முக்குவது இதெல்லாம் செய்யலாமா? எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுப் படகைத் திருப்பவேண்டும்? எந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாது? இப்போதைக்குக் கடலுக்கே போகாதே என்றாலும் சரி, முதலாளியிடம் டோக்கன் போடும் முன்பே சொன்னால்தான் அவர் வேறு டிரைவரைப் பிடிப்பார்.

நோட்டை வெள்ளிக்கிழமை காலை எடுத்துக்கொண்டு வருகிறேன். ரத்தம் எடுப்பதாக இருந்தால் வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று கம்பவுண்டர் அண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சேசு, பாம்பன்